‘அடோபி சான்றிதழ்’ என்று காசு வாங்கும் சென்டர்: பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் எஸ்.பி.எம். முடித்துவிட்டு எடிட்டிங், டிசைன் வகுப்பு தேடும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும். எங்கள் பட்டணத்தில் ஒரு சென்டர் என்னிடம் 1,800 வெள்ளி வாங்கியது. “அடோபி அனைத்துலகச் சான்றிதழ் கிடைக்கும். அது இல்லாவிட்டால் எந்த கிளையண்டும் வேலை தர மாட்டான்” என்று விளம்பரத்திலும் நேரிலும் சொன்னார்கள். இரண்டுமே பொய்.

வகுப்பு முடிந்ததும் தங்கக் கரை போட்ட ஒரு தாள் கொடுத்தார்கள். மேலே அடோபி சின்னம், கீழே சென்டர் முதலாளியின் கையெழுத்து. அடோபியின் வீடியோ எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவைக் கற்றேன் என்று இருந்தது. தேர்வு எதுவும் நடக்கவில்லை.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு கல்யாண வீடியோ, கோயில் திருவிழா, கடைகளின் தீபாவளி விளம்பரம் என்று வேலை செய்தேன். ஒருவர்கூட அதைக் காட்டச் சொன்னதில்லை. கேட்டதெல்லாம், “முன்னாடி செஞ்சதை அனுப்புங்க தம்பி”, எவ்வளவு, எப்போது தருவீர்கள், எத்தனை தடவை திருத்தித் தருவீர்கள் என்பதுதான்.

ஈப்போவில் ஒரு கல்யாண வீடியோக்காரர் வேலை தருமுன் என்னைச் சோதித்தார். கேமராவில் எடுத்ததையும் உறவினர் கைபேசியில் எடுத்ததையும் கலந்து கொடுத்து, தாலி கட்டும் பகுதியை மூன்று நிமிடத்துக்கு வெட்டித் தரச் சொன்னார். கைபேசி சீரான வேகத்தில் பிரேம் எடுப்பதில்லை. வெளிச்சத்துக்கு ஏற்ப வேகம் மாறும். அதை அப்படியே டைம்லைனில் போட்டால் தொடக்கத்தில் ஒலி பொருந்தும், போகப் போகத் தவில் அடி ஒரு பக்கம், வித்வான் கை ஒரு பக்கம் என்று விலகிப் போகலாம். எடிட் தொடங்குமுன்பே HandBrake போன்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் Constant Framerate என்று தேர்ந்தெடுத்துச் சீரான வேகத்துக்கு மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை வராது. அவர் பார்க்க நினைத்தது இது எனக்குத் தெரியுமா என்பதைத்தான். சென்டரில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. கல்யாண வீடியோ செய்கிறவனுக்கு இதைவிட அவசியமான பாடம் என்ன இருக்கிறது? நான் இதைத் தெரிந்துகொண்டது வேறு ஒரு எடிட்டர் அண்ணனிடம்.

சான்றிதழை உண்மையிலேயே கேட்டது ஒரே ஒரு இடம்: பகுதிநேரப் பயிற்றுநர் வேலைக்கு ஆள் தேடிய ஒரு கல்லூரி. கற்பிக்கும் வேலைக்கும், சில நிறுவனங்களில் நிரந்தர வேலைக்கும் இது கணக்கில் வரும். அங்கிருந்த அம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “சரிபார்ப்புக் குறியீடு எங்கே?” என்று கேட்டார். அப்படி ஒன்று அதில் இல்லை. அன்றுதான் முழு விவரமும் தெரிந்தது.

அடோபியின் உண்மையான சான்றிதழுக்கு Adobe Certified Professional என்று பெயர். தேர்வை நடத்துவது Certiport என்ற நிறுவனம். உங்கள் சொந்தப் பெயரில் அங்கே கணக்குத் திறந்து, அங்கீகரிக்கப்பட்ட தேர்வு மையத்தில் எழுத வேண்டும். கேள்விக்கு விடை தேர்ந்தெடுப்பது மட்டுமில்லை, சொன்ன வேலையைச் செய்தும் காட்ட வேண்டும். முடிந்ததும் மதிப்பெண் அறிக்கை வரும். சான்றிதழில் ஒரு குறியீடு இருக்கும், அதை verify.certiport.com பக்கத்தில் தட்டினால் யார், எந்தத் தேர்வில் தேறினார் என்று யாரும் பார்க்கலாம். சென்டர் தருகிற தாளில் ‘பயிற்சியை முடித்தார்’ என்று மட்டும் இருந்தால் அது வருகைச் சான்றுதான், எத்தனை சின்னம் அச்சடித்தாலும். வருகைச் சான்று தருவது குற்றமில்லை. அதை அடோபி பெயரில் விற்றதுதான் அநியாயம்.

ஆகவே பணம் கட்டுமுன் சென்டரிடம் கேளுங்கள்: கட்டணத்தில் Certiport தேர்வு அடங்கியிருக்கிறதா, தேர்வு எந்த மையத்தில், முன்பு படித்த ஒரு மாணவரின் குறியீட்டை அவர் சம்மதத்தோடு காட்ட முடியுமா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். கற்றுக்கொள்ள மட்டும்தான் ஆசை என்றால் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு இருக்கிறது. அதன் பயிற்சி நூல்களையும் பாடக் கோப்புகளையும் அதைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் நிறுவனத்தின் இணையத்தளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

சென்டரில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “அடோபி மென்பொருள் சான்றிதழ் என்றுதானே சொன்னோம், அடோபி கொடுக்கும் என்றா சொன்னோம்?” என்றார் முதலாளி. விளம்பரப் படமும் ரசீதும் என்னிடம் பத்திரமாக இருந்ததால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டுவிட்டேன். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன். அதே வகுப்பில் பணம் கட்டியவர்கள் ரசீதைத் தேடி எடுத்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். மனுப் பாரத்தை நிரப்ப உதவுகிறேன்.