ஷாம்பெயின் வைரமா, பிங்க் வைரமா? ஒரே சுரங்கம், எட்டாத விலை வித்தியாசம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் 2020 நவம்பரில் மூடப்பட்டது. உலகத்துக்கு வந்த பிங்க் வைரங்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அங்கே தோண்டியதில் மிக அதிகமாகக் கிடைத்தது பழுப்புக் கல். வெளிர் பழுப்பை ஷாம்பெயின் என்றும், அடர் பழுப்பை காக்னாக் என்றும் பெயரிட்டு விற்றார்கள். இரண்டு நிறத்துக்கும் மூலம் ஏறக்குறைய ஒன்றே: பூமிக்கடியில் அழுத்தத்தில் படிக அடுக்குகள் சற்றே நழுவிப்போனது. விலையில் மட்டும் பிங்க் உச்சியில் இருக்கிறது, ஷாம்பெயின் பெரும்பாலும் நல்ல வெள்ளைக் கல்லுக்கும் கீழேதான்.

வெள்ளை வைரத்தில் நிறம் ஒரு குறை. கல்லைக் கவிழ்த்து வைத்து, டி முதல் இசட் வரை எழுத்து போடுகிறார்கள். எழுத்து இறங்க இறங்க விலையும் இறங்கும். நிற வைரத்தை முகப்புப் பக்கமாகப் பார்த்து ஃபேன்சி லைட், ஃபேன்சி, ஃபேன்சி இன்டென்ஸ், ஃபேன்சி விவிட் என்று தரம் பிரிக்கிறார்கள். இங்கே நிறம் ஏற ஏற விலையும் ஏறும். உள்ளே சிறு புள்ளி இருந்தாலும் நிறம் நன்றாக இருந்தால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள்.

ஷாம்பெயினுக்கு இதில் சங்கடமான இடம். ஆர்கைல், பழுப்பின் அடர்த்தி ஏறும் வரிசையில் சி1 முதல் சி7 வரை தனி அளவுகோல் வைத்திருந்தது. ஆனால் வைரங்களைத் தரம் பிரித்துச் சான்று தரும் அமெரிக்க நிறுவனமான ஜிஐஏவின் சான்றிதழில் ஷாம்பெயின் என்ற சொல்லே வராது, பிரவுன் என்றுதான் வரும். வெளிர் ஷாம்பெயின் கல் பலவும் கே முதல் இசட் வரையிலான எழுத்துக்குள்ளேயே அடங்கிவிடும்; ஃபேன்சி பட்டம் கிடைக்காது. பிங்க்குக்கு அந்தச் சிக்கல் இல்லை. லேசாகத் தெரிந்தாலே ஃபெயின்ட் பிங்க் என்று நிற வைர வரிசையில் சேர்ந்துவிடும்.

வாங்கப் போகிறவர் சான்றிதழில் சொற்களின் வரிசையைப் பார்க்க வேண்டும். கடைசியில் வரும் நிறமே முதன்மை நிறம். ‘ஃபேன்சி பிரவுனிஷ் பிங்க்’ என்றால் பழுப்புச் சாயலுள்ள பிங்க்; ‘ஃபேன்சி பிங்கிஷ் பிரவுன்’ என்றால் அது பழுப்புக் கல். கடையில் இரண்டுமே ‘பிங்க் ஷாம்பெயின்’ ஆகிவிடலாம். இரண்டாவதற்கு முதலாவதன் விலை கொடுக்காதீர்கள். ரோஸ் கோல்டில் பதித்திருந்தால் உலோகத்தின் நிறமும் கல்லில் ஏறும். அதனால் பதிக்காத கல்லாக வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். நிறம் இயற்கையா, கதிர்வீச்சு மாதிரி ஏதாவது செய்து ஏற்றியதா என்ற வரியையும் விடாமல் படியுங்கள். ஏற்றிய பிங்க்கின் மதிப்பே வேறு.

விலைக்கு வருவோம். வெள்ளைக் கல்லுக்கு ராப்பபோர்ட் பட்டியல் இருக்கிறது, வியாபாரிகள் அதிலிருந்து பேரம் பேசுவார்கள். பிங்க்குக்கு அப்படி ஒரு பட்டியல் கைகொடுக்காது. பிங்க் ஸ்டார் என்ற கல், 59.60 கேரட், 2017-ல் ஏலத்தில் 7.12 கோடி டாலருக்குப் போனது. 2022-ல் வில்லியம்சன் பிங்க் ஸ்டார், 11.15 கேரட்தான், 5.77 கோடி டாலருக்குப் போனது. இரண்டுக்கும் ஒரே தரம்: ஃபேன்சி விவிட் பிங்க். கேரட்டுக்குக் கணக்குப் போட்டால் முன்னது சுமார் 12 லட்சம் டாலர், பின்னது சுமார் 52 லட்சம்.

என்னைக் கேட்டால், அணிய ஆசைப்பட்டு வாங்குகிறவருக்கு ஷாம்பெயின்தான் சரி: சி3, சி4 அளவில் நிறம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், கையும் கடிக்காது. பிங்க் வேண்டும் என்பவர் கல்லின் எடையைக் குறைத்துக்கொண்டு நிறத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காமல் வாங்கட்டும்.