‘என்று’ சொல்வதா, ‘ஏனெனில்’ சொல்வதா: லூக்கா 1:45-இல் ஒரு கிரேக்கச் சொல்

அம்மா வீட்டார் கத்தோலிக்கர், அப்பா வீட்டார் சி.எஸ்.ஐ. என்று கலந்துபோன குடும்பங்கள் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் நிறைய. அந்த வீடுகளில் இரண்டு வேதாகமங்கள் இருக்கும். ஒன்று 1871-இன் பழைய மொழிபெயர்ப்பு. இன்னொன்று கத்தோலிக்கக் கோவில்களில் வாசிக்கப்படும் 1995-இன் திருவிவிலியம். பெயர்களும் நடையும் வேறாக இருந்தாலும் பெரும்பாலான இடங்களில் இரண்டும் சொல்லும் சேதி ஒன்றுதான். லூக்கா 1:45 அப்படி இல்லை. ஆகஸ்ட் 15 மாதா திருநாள் பூசையில் வாசிக்கப்படும் பகுதியில் வருகிற வசனம் இது. மரியாளைப் பார்த்து எலிசபெத்து சொல்கிறாள்.

பழைய மொழிபெயர்ப்பில்: “விசுவாசித்தவளே பாக்கியவதி, கர்த்தராலே அவளுக்குச் சொல்லப்பட்டவைகள் நிறைவேறும்.”

திருவிவிலியத்தில்: “ஆண்டவர் உமக்குச் சொன்னவை நிறைவேறும் என்று நம்பிய நீர் பேறுபெற்றவர்.”

வண்ணாரப்பேட்டையில் எங்கள் சனிக்கிழமை வாசிப்பில் ஓர் அக்கா இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு, “தம்பி, நிறைவேறும்னு சொல்றது யாரு? எலிசபெத்தா, இல்ல மரியாளோட மனசா?” என்று கேட்டார். கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் அதைச் சொல்வது எலிசபெத்து. திருவிவிலியத்தில் அது மரியாளின் நம்பிக்கைக்குள் இருக்கிறது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஹொட்டி என்ற ஒரு கிரேக்கச் சொல்.

கிரேக்க வாக்கியத்தைச் சொல் வரிசைப்படி வைத்தால் இப்படி வரும்: பாக்கியவதி, விசுவாசித்தவள், ஹொட்டி, உண்டாகும், நிறைவேற்றம், சொல்லப்பட்டவைகளுக்கு, அவளுக்கு, கர்த்தரிடமிருந்து. நடுவில் நிற்கும் ஹொட்டிக்கு இரண்டு வேலை உண்டு. ஒருவர் எதைச் சொன்னார், நினைத்தார், நம்பினார் என்பதைக் காட்டும்போது அது நம் ‘என்று’. காரணம் காட்டும்போது ‘ஏனெனில்’. கிரேக்கத்தில் எந்த வேலையைச் செய்தாலும் அது நிற்கும் இடம் மாற வேண்டியதில்லை. பழைய கையெழுத்துப் பிரதிகளில் நிறுத்தக்குறிகளும் பெரும்பாலும் கிடையாது. லத்தீனுக்குக் கொண்டுபோனவர்களுக்கும் சிரமம் இருக்கவில்லை. குவோனியம் என்று போட்டார்கள். பிற்கால லத்தீனில் அதுவும் இரண்டு வேலையும் செய்யும் சொல்தான், குழப்பம் பத்திரமாக அடுத்த மொழிக்குப் போய்ச் சேர்ந்தது.

தமிழில் அந்தச் சலுகை கிடையாது. ‘என்று’ போட்டால், நம்பிய விஷயம் முழுவதும் நம்பினாள் என்ற வினைக்கு முன்னால் வந்து உட்கார வேண்டும். அதனால்தான் திருவிவிலியத்தில் வாக்கியம் தலைகீழாகி, கிரேக்கத்தில் கடைசியில் வருவது முதலில் வந்துவிட்டது. காரணம் என்று எடுத்தால் வாக்கியம் இரண்டாக உடையும்: முதலில் ‘விசுவாசித்தவளே பாக்கியவதி’, பிறகு தனியாக ‘நிறைவேறும்’. ஆக, தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒரு இடைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது வாக்கியத்தின் உருவத்தையே தேர்ந்தெடுக்கிறார். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல்லைப் போட்டுத் தப்பிக்க வழியில்லை.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பழைய மொழிபெயர்ப்பில் ‘ஏனெனில்’ என்ற சொல்லே இல்லை. இரண்டு வாக்கியங்களை வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். இது தவறிப்போன சொல் இல்லை, அவர்கள் வழக்கம். மலைப்பிரசங்கத்திலும் அப்படித்தான்: “ஆவியில் எளிமையுள்ளவர்கள் பாக்கியவான்கள், பரலோகராஜ்யம் அவர்களுடையது.” அங்கேயும் கிரேக்கத்தில் நடுவில் ஹொட்டி இருக்கிறது. திருவிவிலியம் அந்த இடத்தில் ‘ஏனெனில்’ என்று எழுதிக் காட்டும். பழையது எழுதாமல் காதுக்கு விட்டுவிடும். லூக்கா 1:45-ஐயும் அவர்கள் அதே அச்சில் வார்த்திருக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

அந்த அச்சுக்கு நல்ல நியாயம் உண்டு. ‘பாக்கியவான்’ என்று தொடங்கி, இன்னார் என்று சொல்லி, பிறகு ஹொட்டி வந்தால் அடுத்து வருவது காரணம் என்பது சுவிசேஷங்களில் பழகிய ஓட்டம். லூக்காவே 6:20-இல் ஏழைகளைப் பாக்கியவான்கள் என்று சொல்லிவிட்டு, ஹொட்டி போட்டு, தேவனுடைய ராஜ்யம் உங்களுடையது என்கிறார். 14:14-இலும் அதே வரிசை. தவிர, 1:41-இல் எலிசபெத்து பரிசுத்த ஆவியால் நிரப்பப்பட்டாள் என்று சொல்லப்படுகிறது. ஆவியால் நிறைந்தவள் ‘நிறைவேறும்’ என்று தன் வாயால் உறுதி சொல்வது கதைக்குப் பொருந்துகிறது. மரியாள் கேட்க வேண்டிய வார்த்தையும் அதுதானே.

மறுபக்கத்துக்கு வருவோம். ஹொட்டிக்கு நேர் முன்னால் நிற்கும் சொல் ‘விசுவாசித்தவள்’. புதிய ஏற்பாட்டில் விசுவாசி என்ற வினைக்குப் பின்னால் ஹொட்டி வந்தால், அது பெரும்பாலும் ‘என்று’தான். நம்பியதற்குக் காரணம் காட்ட வேண்டியபோது யோவான் 20:29-ஐப் போல ஹொட்டி வாக்கியம் முன்னால் வந்து நிற்கிறது: தோமாவிடம், நீ என்னைக் கண்டதினாலே விசுவாசித்தாய் என்று இயேசு சொல்லும் இடம் அது.

இதைவிடப் பலமான சாட்சி அப்போஸ்தலர் 27:25. எழுதியவர் அதே லூக்கா. புயலில் கப்பல் தத்தளிக்கிறது, பவுல் கூட இருப்பவர்களைத் தேற்றுகிறார். பழைய மொழிபெயர்ப்பில்: “எனக்குச் சொல்லப்பட்டபிரகாரமாகவே நடக்கும் என்று தேவனிடத்தில் நம்பிக்கையாயிருக்கிறேன்.” கிரேக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே விசுவாசி என்ற வினை, அதே ஹொட்டி, ‘உண்டாகும்’ என்ற அதே எதிர்காலச் சொல், ‘சொல்லப்பட்டது’ என்ற அதே வினையின் இன்னொரு வடிவம். நான்கு சொற்கள் ஒரே கூட்டாக இரண்டு இடத்திலும் வருகின்றன. அப்போஸ்தலரில் ‘என்று’ தவிர வேறு வழியில்லை, பழைய மொழிபெயர்ப்பும் அங்கே ‘என்று’தான் போட்டிருக்கிறது. அப்படியானால் லூக்கா 1:45-இலும் முதல் உரிமை ‘என்று’வுக்குத்தான் என்பது என் கட்சி. சகரியாவும் இதற்குக் கைகொடுக்கிறார். 1:20-இல் தூதன் அவரைக் கடிந்துகொள்வது, நிறைவேறப்போகிற வார்த்தைகளை நம்பவில்லை என்பதற்காக. அவர் எதை நம்பவில்லையோ அதை மரியாள் நம்பினாள் என்று அவர் மனைவியே பாராட்டுகிறாள். சகரியா அந்த நேரம் வாய் பேச முடியாமல் அதே வீட்டில்தான் இருக்கிறார்.

ஆனால் ‘என்று’ பக்கம் போனால் தமிழில் ஒரு ஆபத்து காத்திருக்கிறது. காசிமேட்டில் ஏலம் முடிந்து வரும் ஒரு அம்மா “வஞ்சிரம் விலை ஏறும்னு நம்பினேன்” என்று சொன்னால், விலை ஏறவில்லை என்று அர்த்தம். யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். எதிர்கால வினை, ‘என்று’, இறந்தகால ‘நம்பினேன்’ மூன்றும் சேர்ந்தால் தமிழ்க் காதில் ஏமாற்றத்தின் வாடை வந்துவிடும். கிரேக்க வாக்கியத்தில் அந்த வாடை துளியும் இல்லை. திருவிவிலியம் இதிலிருந்து தப்பித்த விதம் நேர்த்தியானது. ‘நம்பினீர்’ என்று முடிக்காமல் ‘நம்பிய நீர்’ என்று பெயரெச்சமாக்கி, வாக்கியத்தின் எடையைப் ‘பேறுபெற்றவர்’ மேல் வைத்துவிட்டது. வாக்கியம் வாழ்த்தில் முடிகிறது, அதனால் சந்தேகம் எழவில்லை. அதே பொருளை யாராவது ‘நிறைவேறும் என்று நம்பினாள்; ஆகவே அவள் பேறுபெற்றவள்’ என்று உடைத்து எழுதினால் அந்த நிழல் உடனே வந்துவிடும். எழுதிப் பார்த்துவிட்டு, வேதாகமம் தெரியாத ஒருவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டினால் போதும், முகத்திலேயே தெரியும்.

திருவிவிலியத்திலும் ஒரு விலை கொடுத்திருக்கிறார்கள். கிரேக்கத்தில் எலிசபெத்து ‘நீ’ என்று சொல்லவில்லை, ‘விசுவாசித்தவள்’, ‘அவளுக்கு’ என்று படர்க்கையில் பேசுகிறாள். எதிரில் நிற்பவளைப் பற்றிப் பேசினாலும் நம்புகிற எவளுக்கும் அது பொருந்துவது மாதிரி இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பு அந்தப் படர்க்கையை அப்படியே காத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ‘என்று’வையும் சேர்த்தால், ‘கர்த்தர் தனக்குச் சொன்னவை நிறைவேறும் என்று விசுவாசித்தவளே பாக்கியவதி’ என்று வரும். எனக்குப் பிடித்தது இதுதான். ‘அவளுக்கு’ என்பது ‘தனக்கு’ ஆனதைக் கவனியுங்கள். ‘என்று’வுக்குள் போனதும் தமிழ் அதைத்தான் கேட்கிறது.

எப்போதும் ‘என்று’தான் ஜெயிக்கும் என்று நினைக்க வேண்டாம். 1 யோவான் 2:12 முதல் 14 வரை பாருங்கள். பிள்ளைகளுக்கும் பிதாக்களுக்கும் வாலிபருக்கும் எழுதுகிறேன், எழுதினேன் என்று ஆறு முறை வருகிறது, ஆறு முறையும் பின்னால் ஹொட்டி. பழைய மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் காரணமாக எடுத்தது: “உங்கள் பாவங்கள் மன்னிக்கப்பட்டிருக்கிறதினால் உங்களுக்கு எழுதுகிறேன்.” எழுதுவது சொல்வதற்குச் சமமான வினை ஆயிற்றே, ‘மன்னிக்கப்பட்டிருக்கிறது என்று எழுதுகிறேன்’ என்று ஏன் கூடாது? இலக்கணம் தடுக்கவில்லை. முன்னால் நிற்கும் வினையை மட்டும் பார்த்தால் இதுவே சரி என்றுகூடத் தோன்றும்.

ஆனால் பொருள் எங்கே போகிறது பாருங்கள். ‘என்று’ போட்டால் மன்னிப்புதான் கடிதத்தின் சேதி, அதை அவர்களுக்கு இப்போது அறிவிக்கிறார். ‘இனால்’ போட்டால் மன்னிப்பு ஏற்கெனவே தெரிந்த விஷயம், அது இருப்பதால்தான் இந்தக் கடிதமே. அடுத்த வசனத்தில் பிதாக்களுக்கு வரும்போது ‘என்று’ தடுமாறுகிறது. ‘ஆதிமுதலிருக்கிறவரை நீங்கள் அறிந்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கு எழுதுகிறேன்’. அறிந்தவர்களுக்கு, நீங்கள் அறிந்திருக்கிறீர்கள் என்று எழுதுவது தமிழில் விசித்திரமாக ஒலிக்கிறது.

சில வரிகள் தள்ளி, 2:21-இல் யோவானே கிட்டத்தட்டத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். நீங்கள் சத்தியத்தை அறியாததினால் அல்ல, அறிந்திருப்பதினால் எழுதினேன் என்கிறார். அங்கே எழுதியதற்கான காரணத்தைத்தான் மறுத்தும் நிறுவியும் பேசுகிறார், கடிதத்தின் உள்ளடக்கத்தை இல்லை. அதே கடிதம், அதே ‘எழுதினேன்’, அதே ஹொட்டி. இங்கே நான் பழைய மொழிபெயர்ப்பின் பக்கம். வேடிக்கை என்னவென்றால், அதே 2:21-இன் கடைசியில் மூன்றாவது ஹொட்டி ஒன்று நிற்கிறது: எந்தப் பொய்யும் சத்தியத்திலிருந்து வராது என்ற பகுதிக்கு முன்னால். அதைக் காரணமாகவும் எடுக்கலாம், ‘அறிந்திருப்பது’ என்ற வினையோடு சேர்த்துப் ‘பொய் வராது என்று’ என்றும் எடுக்கலாம். ‘அறி’ பக்கத்திலேயே இருப்பதால் நான் இரண்டாவதையே எடுப்பேன், ஆனால் அடுத்த சனிக்கிழமை அக்கா மறுத்துப் பேசினால் அவரை மடக்க என்னிடம் வலுவான சாட்சி இல்லை.