கோப்ரோ ஹீரோ 11, ஹீரோ 12: படத்தில் அடையாளம் காண்பது எப்படி?

பழைய கேமராவாக விற்பனைக்கு வரும் ஹீரோ 11 பிளாக், ஹீரோ 12 பிளாக் இரண்டும் ஒரே வடிவம் கொண்டவை என்பதால், படத்தில் முதலில் முன்பக்கத்தைக் கவனிக்க வேண்டும். கருப்பு உடலில் நீலப் புள்ளிகள் சிதறியிருந்தால் அது 12. உறைக்குள் இருந்தால், அடிப்பக்கத்து மடக்குக் கொக்கிகளை விரித்துப் படமெடுத்து அனுப்புமாறு கேளுங்கள்: கொக்கிகளுக்கு நடுவே டிரைபாட் திருகுத் துளை 12இல் மட்டுமே உண்டு.

புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது, 12இல் ஜிபிஎஸ் இல்லை என்பதைத்தான். பைக் பயணக் காணொளியில் வேகமும் பாதையும் கேமராவின் பதிவிலிருந்தே தெரிய வேண்டுமென்றால், 11தான் சரியான தேர்வு.

ப்ளூடூத் மைக்கில் பேசிப் பதிவு செய்பவர்களுக்கு 12 பொருந்தும். இரண்டிலும் உச்சத் தெளிவு 5.3K என்பதால், படத்தரத்துக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.