சென்ட் பாட்டிலுக்கு பீரோவா, ஃபிரிட்ஜா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு இரும்பு பீரோ மேற்குச் சுவரை ஒட்டி நின்றது. சித்திரை வெயிலில் மாலை நேரம் அதன் கதவைத் தொட்டாலே சுடும். உள்ளே பாதி தீர்ந்த எலுமிச்சை வாசனை சென்ட் ஒன்று இருந்தது. வெளிச்சம் துளியும் படவில்லை, ஆனாலும் ஒரே கோடையில் புளித்துவிட்டது. சூடு ஒரு காரணம். பாட்டிலின் காலி இடத்தில் நிற்கும் காற்று இன்னொன்று. எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களில் உள்ள லிமோனீன் ஆக்சிஜனோடு சேர்ந்து சீக்கிரம் கெடும். அடித்த முதல் நிமிடத்தில் காடி போன்ற நெடி வந்தால் அதுதான் அடையாளம். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வெனிலா சேர்ந்தவை கெடாமலே பழுப்பாகும்.

ஃபிரிட்ஜில் குளிர்ச்சியும் உண்டு, இருட்டும் உண்டு. ஆனால் கதவுத் தட்டு வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடு ஏறி இறங்கும். பெட்டியோடு உள்தட்டில் வையுங்கள். தினமும் எடுத்து அடிக்கிற பாட்டிலுக்கு இந்தப் போக்குவரத்து நல்லதல்ல. மாதம் ஒருமுறை எடுப்பதற்குச் சரி.

தினசரி பாட்டிலுக்கு நான் பீரோவையே சொல்வேன், வெயில் படாத உள்சுவருக்கு நகர்த்திய பிறகு, கீழ்த்தட்டில். பாதிக்கு மேல் தீர்ந்ததும் மிச்சத்தை 10 மில்லி கண்ணாடிக் குப்பிகளில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடிவிடுங்கள். பிளாஸ்டிக் குப்பி கூடாது.