மாண்டமஸா, செர்ஷியோரரியா?

பாலக்கோட்டுப் பக்கம் ஒருவர் பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. பதிலே இல்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட், அதாவது பேராணை கேட்டு மனு போடலாம் சரி, எந்த ரிட்?

தாசில்தார் மௌனமாக இருந்தால், கடமையைச் செய் என்று அதிகாரிக்கு உத்தரவிடும் மாண்டமஸ். மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டு அவசியம். கேட்காமலே கோர்ட்டுக்குப் போனால் நிற்காது. பட்டாவைக் கொடு என்று நீதிமன்றம் பெரும்பாலும் சொல்லாது, மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடு என்றுதான் சொல்லும். இது தெரியாமல் ஏமாறுகிறவர்கள் நிறைய.

தாசில்தார் மனுவை நிராகரித்து உத்தரவு போட்டுவிட்டால் மாண்டமஸ் மட்டும் போதாது. அந்த உத்தரவை ரத்து செய்யச் செர்ஷியோரரி வேண்டும். ஆனால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு இருக்கும்போது, முதலில் அங்கே போ என்று திருப்பிவிடுவார்கள். இவருக்கு நோட்டீஸே தராமல் நிராகரித்திருந்தால் கதை வேறு: இயற்கை நீதி மீறல் என்று நேரே போகலாம். அப்போதும் நிலம் யாருடையது என்ற சண்டையை ரிட் தீர்க்காது. அதற்குச் சிவில் கோர்ட்தான். உத்தரவை ரத்து செய்து, திரும்ப விசாரிக்கவும் சொல்லக் கேட்பது 'செர்ஷியோரரிஃபைட் மாண்டமஸ்'. சென்னை உயர் நீதிமன்றத்தில் அதிகம் காதில் விழும் பெயர் அது.

அதிகாரமே இல்லாத தீர்ப்பாயம் இன்னும் விசாரித்துக்கொண்டிருந்தால் தடையுறுத்தும் பேராணை. சட்டவிரோதக் காவலுக்கு ஆட்கொணர்வு; அதை உறவினரோ நண்பரோ போடலாம். தகுதியில்லாதவர் பொதுப் பதவியில் உட்கார்ந்திருந்தால், எந்த அதிகாரத்தில் இருக்கிறாய் என்று கேட்கும் கோ வாரண்டோ.

அப்புறம், தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் போக வேண்டியது சென்னைக்கு, மதுரைக் கிளைக்கு அல்ல.