வெள்ளத்தில் செய்ததா, வருஷம் முழுக்கச் செய்ததா: அக்காவுக்காக எழுதிய இரண்டு பரிந்துரைகள்

எங்கள் பம்ப்செட் சர்வீஸ் சென்டரில் புகார் போன் எடுக்கும் அக்காவை இந்த வருஷ விருதுக்கு நானும் ஸ்டோர் அண்ணாச்சியும் ஆளுக்கொரு விதமாக எழுதிக் கொண்டு வந்தோம். ஒன்றைத்தான் கோவையில் இருக்கும் விருதுக்குழுவுக்கு அனுப்ப முடியும்.

அண்ணாச்சி எழுதியது வெள்ளத்தைப் பற்றி. 2023 டிசம்பர் 17, 18-ல் மழை கொட்டித் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, அக்கா வீட்டிலிருந்தே சொந்த போனில் விவசாயிகளைக் கூப்பிட்டு, தண்ணீர் வடிந்தாலும் நனைந்த ஸ்டார்ட்டரையும் மோட்டாரையும் காய வைத்துச் சோதிக்காமல் சுவிட்சைப் போடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். படித்தால் கண் கலங்கும். ஆனால் எத்தனை மோட்டார் அதனால் எரியாமல் தப்பியது என்று கேட்டால் காட்ட எதுவும் இல்லை, எரியாத மோட்டாருக்கு யார் புகார் எழுதுவார்கள்?

நான் எழுதியது ஒரு நோட்டைப் பற்றி. 2023 தீபாவளிக்கு அப்புறம் அக்கா போனிலேயே மூன்று கேள்வி கேட்க ஆரம்பித்தார்: மூன்று பேஸும் வருகிறதா, மோட்டார் சத்தமே இல்லையா அல்லது உறுமிவிட்டு நிற்கிறதா, ஓடியும் தண்ணீர் ஏறவில்லையா. பதிலை நோட்டில் எழுதி வைப்பார், அதைப் பார்த்து மெக்கானிக் அதற்கான சாமானோடு கிளம்புவார். உறுமி நிற்கிற மூன்று பேஸ் மோட்டாருக்கு ஒரு பேஸ் போயிருக்கலாம், அதற்குப் போய் காயிலைக் கழற்றிக் கொண்டுவர வேண்டியதில்லை. முன்னெல்லாம் நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் வெறும் கையோடு போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் திரும்பப் போவோம். அந்த ஒரு நாள் வாழைக்குத் தண்ணீர் கிடையாது, பங்குனி வெயிலில் அது சின்ன விஷயம் இல்லை.

எண்களில்தான் நான் ஒரு தடவை சறுக்கினேன். முதலில் எத்தனை புகாருக்கு இரண்டாம் தடவை போனோம் என்று நவம்பர் முதல் மார்ச் வரை மொத்தமாகக் கணக்குப் போட்டு முந்தைய வருஷத்தோடு வைத்துப் பார்த்தேன், முன்னேற்றமே தெரியவில்லை. காரணம் அண்ணாச்சியின் வெள்ளமேதான்: டிசம்பர், ஜனவரியில் மூழ்கிய மோட்டார்களை எப்படியும் பட்டறைக்குக் கொண்டுவந்து திரும்ப மாட்ட வேண்டும், இரண்டாவது பயணம் கட்டாயம். அதனால் பிப்ரவரி, மார்ச்சை மட்டும் எடுத்தேன். 2023-ல் 140 புகாரில் 61-க்கு இரண்டாம் தடவை போயிருக்கிறோம், 2024-ல் 152-ல் 27-க்கு. எந்த மாதத்தை விட்டேன், ஏன் விட்டேன் என்பதையும் ஒரு வரி எழுதினேன், இல்லாவிட்டால் வசதியான மாதத்தைப் பொறுக்கினான் என்பார்கள். அதே சமயத்தில் வண்டியில் கெப்பாசிட்டர், ரிலே இருப்பைக் கூட்டியது அண்ணாச்சிதான், அதையும் மறைக்கவில்லை. சாமான் இருந்தாலும் எதை எடுத்துப் போவது என்று சொன்னது அக்காவின் நோட்டு.

சரி, எதை அனுப்பினோம்? என்னுடையதைத்தான். ஆனால் விருதுக்குழு எண்களை மட்டும் படித்துச் சலித்துவிடும் என்று அண்ணாச்சி அடம்பிடித்ததால், வெள்ளத்து போன் நடுவில் இரண்டு வரியாக உட்கார்ந்தது. 'அர்ப்பணிப்பு', 'கடின உழைப்பு' இரண்டையும் அடித்த இடத்தில், ஏர்வாடிப் பக்கத்து வாழைக்காரர் ஒருவர் அக்காவிடம் சொன்னதை அப்படியே வைத்தேன்: "இந்தத் தடவை ஒத்த நாள்ல தண்ணி விட்டுட்டேம்மா."