இன்ச்சில் வெட்டி சென்டிமீட்டரில் விற்பது: சில வருட ஸ்ப்ரெட்ஷீட் அனுபவம்

கரூரிலிருந்து டேபிள் கிளாத், குஷன் கவர், தலையணை உறை எல்லாம் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி என்று ஆன்லைனில் விற்கிறோம். அளவுகளை மாற்றிப் போட சில வருடங்களாக நாங்கள் வைத்திருப்பது ஒரு சாதாரண ஸ்ப்ரெட்ஷீட், அதில் CONVERT ஃபார்முலா, அவ்வளவுதான். காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவை வரவில்லை.

இதில் முக்கியமே மூல அளவு எது என்று முடிவு செய்வதுதான். கட்டிங் மேஜையில் எந்த அலகில் வெட்டுகிறார்களோ அதுதான் மூலம், மற்றதெல்லாம் அதிலிருந்து ஒரே ஒரு தடவை கணக்கிட்டு வந்தவை. 60 × 84 இன்ச் டேபிள் கிளாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இன்ச் சரியாக 2.54 செ.மீ., ஆக இது 152.4 × 213.36 செ.மீ. ஜெர்மன் லிஸ்டிங் போடுகிறவர் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று 150 × 215 ஆக்குவார். அதைப் பார்த்து அடுத்த தளத்துக்கு லிஸ்டிங் போடுகிறவர் திரும்ப இன்ச்சுக்கு மாற்றினால் 59 × 85 வரும். துணி ஒன்று, அளவு மூன்று. 150-ஐ நம்பி வாங்கியவருக்கு இரண்டு செ.மீ. கூடுதலாக வந்தால் கவலைப்பட மாட்டார், ஆனால் 215 என்று நம்பியவருக்கு நீளம் குறைகிறது, டேப்பை வைத்து அளந்து போட்டோ அனுப்புவார். அதனால் எங்கள் ஷீட்டில் B பத்தியில் மூல இன்ச் மட்டும் கையால் எழுதப்படும், செ.மீ. பத்தி பூட்டப்பட்டிருக்கும்:

```
=ROUND(CONVERT(B2,"in","cm"),0)
```

முழு செ.மீ.க்கு மேல் துல்லியம் காட்டுவதில்லை. தைத்த துணியில் ஓரம் மடிப்பதிலேயே கொஞ்சம் முன்னே பின்னே போகும், 152.4 என்று எழுதினால் இல்லாத துல்லியத்துக்கு உறுதி கொடுத்த மாதிரி ஆகிவிடும். இன்னொரு லாபமும் உண்டு: ஜெர்மனியில் தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளி (152,4). முழு எண்ணாக இருந்தால் அந்தத் தலைவலியே வராது. செ.மீ.யில் வெட்டும் பொருள்களுக்கு எதிர்த்திசையில் கால் இன்ச்சுக்கு முழுமையாக்குகிறோம், அமெரிக்கர் கையில் இருக்கும் டேப்பில் அந்தக் கோடு இருக்குமே.

எடைக்கு வரும்போது ஒரு சின்னக் கண்ணி. CONVERT-இல் "oz" என்றால் திரவ அவுன்ஸ், எடை அவுன்ஸுக்கு "ozm". கிராமிலிருந்து "oz" கேட்டால் #N/A வரும். பிழை கண்ணில் படுகிறதே என்பதில் சந்தோஷம். துணியின் ஜிஎஸ்எம்மை அமெரிக்கர் கேட்கும் சதுர கஜத்துக்கு அவுன்ஸாக மாற்ற 33.906-ஆல் வகுக்க வேண்டும், 170 ஜிஎஸ்எம் சுமார் 5 அவுன்ஸ்.

இவ்வளவும் செய்தாலும் ஃபார்முலாவால் தீராத ஒன்று இருக்கிறது, ரிட்டர்ன் அதிகம் வருவதும் அங்கேதான். அமெரிக்காவின் சாதாரணத் தலையணை 20 × 26 இன்ச். மாற்றினால் 51 × 66 செ.மீ., கணக்கு சரி. ஆனால் ஜெர்மனியில் பல வீடுகளில் இருப்பது 80 × 80 செ.மீ. தலையணை, எவ்வளவு சரியாக மாற்றினாலும் அது இந்த உறைக்குள் நுழையாது. 'கிங்' என்ற பெயரும் அப்படித்தான்: அமெரிக்க கிங் மெத்தை 76 × 80 இன்ச், அதாவது சுமார் 193 × 203 செ.மீ.; பிரிட்டன் கிங் 150 × 200 செ.மீ. மட்டுமே, அமெரிக்க 'குயின்' அளவுக்குப் பக்கத்தில் வரும். ஆகவே 'பொருளின் அளவு' ஒரு பத்தி, 'எதற்குப் பொருந்தும்' இன்னொரு பத்தி. இரண்டாவது ஃபார்முலாவில் வராது, நாட்டுக்கு நாடு ஆள் உட்கார்ந்து நிரப்ப வேண்டும். 18 இன்ச் குஷன் கவருக்கு இப்போது 'கவர் 46 செ.மீ., 45 செ.மீ. குஷனுக்குப் பொருந்தும்' என்று போடுகிறோம். முன்பு வெறும் 45 என்று போட்டால் ஏன் பெரிதாக இருக்கிறது என்று கேள்வி வரும், 46 என்று போட்டால் என் குஷனுக்கு ஆகாது என்று வாங்காமல் போவார்கள்.

இந்த முறையின் பெரிய குறை, படங்கள். அளவை அம்புக்குறி போட்டு எழுதிய படத்துக்கு ஷீட்டில் எதை மாற்றினாலும் தெரியாது. அதனால் இப்போது படத்தில் எண் எழுதுவதையே நிறுத்திவிட்டு நீளம், அகலம் என்ற அம்புகளை மட்டும் வைத்திருக்கிறோம். ஆனால் பழைய லிஸ்டிங்குகளில் எண்ணோடு கிடக்கும் படங்களை ஒவ்வொன்றாகத் தேடி மாற்றும் வேலை இன்னும் முடியவில்லை.